“அம்மம்மா, நான் கொத்துறன்!”

டொராண்டோவில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி. யாழ்ப்பாணத்தில் அப்போது மாலை ஆறரை. கனடாவில் குளிர்காலம் என்றால் ஏழரை. இரண்டு பக்கமும் ஆறுதலாக இருக்கும் இந்த நேரத்தில்தான் பல வீடுகளில் வீடியோ அழைப்பு வருகிறது. அந்த வீடுகளில் நடப்பதை ஒரே குடும்பமாக வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் ஒரு அம்மம்மா. ஸ்கார்பரோவில் அவருடைய ஐந்து வயதுப் பேத்தி.

“சாப்பிட்டியோ குஞ்சு?”

“ஓம்.”

“அங்க குளிரோ?”

“ஓம்.”

“பள்ளிக்கூடத்தில என்ன படிச்சனீ?”

பேத்தி தன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள். அம்மா ஆங்கிலத்தில் கேட்கிறார். பேத்தி ஆங்கிலத்தில் சொல்வதை அம்மா தமிழாக்கி அம்மம்மாவிடம் சேர்க்கிறார். ஐந்து நிமிடத்தில் குழந்தை இறங்கி ஓடிவிடுகிறாள். பிறகு பேசுவது பெரியவர்கள் இருவரும்தான்.

பிள்ளைக்குத் தமிழ் விளங்காமல் இல்லை. மூன்று கேள்விகளும் அவளுக்கு விளங்கின. பதிலாகச் சொல்ல வேண்டிய சொல்தான் வாயில் வரவில்லை. கேட்டு விளங்கிக்கொள்வதும் தானாகப் பேசுவதும் வெவ்வேறு திறன்கள். வீட்டில் இரண்டு மொழி புழங்கும் பிள்ளைகள் பலருக்கு முதலாவது வளர்ந்து, இரண்டாவது பின்தங்கிவிடுகிறது. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் வேறொரு மொழியும் புழங்கும் 1,899 குடும்பங்களை மொழியியலாளர் அனிக் டி ஹவர் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிள்ளைகள் அந்த இன்னொரு மொழியைப் பேசவில்லை.

அப்படியானால் திரை வழியாக ஒரு குழந்தை மொழி கற்க முடியுமா? அமெரிக்காவில் ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். இரண்டு முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆள் நேரில் வந்து சொல்லிக்கொடுத்தார். இன்னொரு பகுதியினருக்கு வீடியோ அழைப்பில். மூன்றாம் பகுதியினர் பார்த்தது, வேறொரு குழந்தையுடன் பேசியபோது பதிவான வீடியோ. 2014இல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. நேரில் கற்றவர்களும் வீடியோ அழைப்பில் கற்றவர்களும் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். பதிவைப் பார்த்தவர்கள் பிடிக்கவில்லை. மூன்றிலும் காட்டிய செயல் ஒன்றுதான், சொன்ன சொல்லும் ஒன்றுதான். பதிவில் இருந்தவருக்கு மட்டும் எதிரே இருக்கும் குழந்தை தெரியவில்லை. குழந்தை சிரித்தாலும் வேறெங்கோ பார்த்தாலும் அவர் தன்பாட்டில் பேசிக்கொண்டே போனார். குழந்தை செய்வதற்கு ஏற்ப அந்தக் கணத்தில் பதில் வருகிறதா என்பதே இங்கே முக்கியம்.

யாழ்ப்பாணத்து அம்மம்மாவால் அது முடியும். ஆனால் அழைப்பு ஒரு நேர்காணலாக இருக்கும் வரை முடியாது. “என்ன படிச்சனீ?” என்ற கேள்விக்கு, கண்முன் இல்லாத ஒன்றை நினைத்து, அதற்கான சொற்களைத் தேடி, காலம் காட்டும் விகுதி போட்டுப் பேச வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. இருவருக்கும் முன்னால் ஒரே வேலை நடந்தால் சுமை பாதியாகக் குறைகிறது.

அடுத்த சனிக்கிழமை அம்மம்மா தொலைபேசியைக் குசினியில், சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கிறார். முகத்தைவிடக் கைகள் நன்றாகத் தெரியும்படி. வறுத்த அரிசிமாவில் உப்புப் போட்டு, கொதிநீர் விட்டுக் குழைக்கிறார். பேத்தியின் முன்னால் ஒரு கிண்ணமும் விளையாட்டுக் களிமண்ணும் இருக்கின்றன. அம்மம்மா ஒரு பேணியின் விளிம்பால் மாவைச் சிறுசிறு துண்டாகக் கொத்துகிறார். பேத்தியும் ஒரு குவளையை எடுத்துக் களிமண்ணை வெட்டுகிறாள்.

“அம்மம்மா, நான் கட் பண்ணுறன்!”

“ஓம், கொத்துறாய். நானும் கொத்துறன். இன்னும் சின்னனாக் கொத்து.”

அம்மம்மா “பிழை” என்று சொல்லவில்லை, “திருப்பிச் சொல்லு” என்றும் கேட்கவில்லை. பிள்ளை சொல்ல நினைத்ததையே எடுத்து, சரியான சொல்லில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேச்சை நகர்த்துகிறார். “கட் பண்ணுறன்” என்பதையும் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆங்கில வினையோடு “பண்ணு” சேர்த்து, அதற்குத் தமிழ் விகுதியும் சரியாகப் போட்டிருக்கிறாள். வாக்கியத்தின் எலும்புக்கூடு தமிழாகவே இருக்கிறது, வினை மட்டும் வந்து பொருந்த வேண்டும். பிட்டு நீத்துப்பெட்டியில் ஏறுவதற்குள் “கொத்து” என்ற சொல் கொத்துறன், கொத்துறாய், கொத்தின என்று பல உருவங்களில் அவள் காதில் விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கண்முன்னே அந்தச் செயலும் நடக்கிறது.

இங்கே இன்னொன்றும் வேலை செய்கிறது. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது. மொன்றியலில் மெக்கில் பல்கலைக்கழகத்து ஃப்ரெட் ஜெனஸீயும் அவருடைய குழுவினரும் 1990களில் இருமொழிக் குழந்தைகளைக் கவனித்தார்கள். இரண்டு வயதுக் குழந்தைகளே எதிரே இருப்பவர் எந்த மொழி பேசுகிறார் என்று பார்த்து, அந்த மொழியை அதிகம் பயன்படுத்த முயன்றார்கள். பேத்தி தன் குளிர் உடுப்புகளைக் கொண்டுவந்து காட்டி, முதலில் எதைப் போடுவது, பிறகு எதை என்று அம்மம்மாவுக்கு விளக்கும்போது அவளுக்கு வேறு வழி இல்லை. தெரிந்த தமிழை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். “இனி என்ன?” என்று கேட்கும் இடத்தில் அம்மம்மா இருக்கிறார், சொல்லித்தரும் இடத்தில் பிள்ளை. பக்கத்தில் இருக்கும் அம்மா முந்திக்கொண்டு மொழிபெயர்த்தால் அந்தத் தேவை போய்விடும். அவர் அறையிலேயே இருக்கலாம். ஆனால் பிள்ளை உதவி கேட்கும்போது ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது நல்லது.

திரைக்கென்று சில தடைகளும் உண்டு. கேமரா திரையின் விளிம்பில் இருப்பதால், அம்மம்மா பேத்தியின் முகத்தைப் பார்க்கும்போது பேத்திக்கு அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல் தெரியும். “அந்தா, அதை எடு” என்று விரல் நீட்டினால் எதைக் காட்டுகிறார் என்று மறுபக்கம் விளங்காது. அதனால் பொருளின் பெயரையே சொல்ல வேண்டும்: “அந்தச் சிவப்புக் கிண்ணத்தை எடு.” சொல் கற்க அதுவே உதவியாகிறது.

பெரிய தடை இடைவெளி. பத்து மொழிகளில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே பொதுவாக நொடியில் ஐந்திலொரு பங்குதான் செல்கிறது என்று அது கண்டது. வீடியோ அழைப்பில் இணையத் தாமதமும் சேர்கிறது, பிள்ளை சொல் தேடும் நேரமும் சேர்கிறது. அந்த மௌனம் தாங்காமல் அம்மம்மா அடுத்த கேள்வியைப் போட்டால், பாதி உருவான பதில் அப்படியே நின்றுவிடும். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருந்தால் போதும், பல நேரம் பதில் வந்துவிடும்.

அழைப்பு பயன் தருகிறதா என்று எப்படித் தெரியும்? பதில் சொல்லுமுன் பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்ப்பது குறைந்திருக்கும். தலையாட்டலுக்குப் பதிலாக, பிழையோடாவது விகுதி சேர்ந்த வினைகள் வரும். “என்ன செய்யிறியள் அம்மம்மா?” என்று அவளே கேட்கத் தொடங்குவாள். மாதங்கள் கழிந்தும் “ஓம்”, “இல்லை” மட்டுமே வந்தால், பேச்சு மறுபடி விசாரணையாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஆனாலும் வாரத்துக்கு அரைமணி நேரம் ஒரு மொழியைத் தூக்கி நிறுத்தப் போதாது. டி ஹவரின் ஆய்வில், பெற்றோர் இருவரும் வீட்டில் சிறுபான்மை மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டில் பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும், அதுவும் டச்சோடு கலந்து பேசிய குடும்பங்களில் அது ஏறத்தாழ 36ஆக விழுந்தது. ஆகவே சனிக்கிழமை வந்த சொல் மற்ற ஆறு நாளும் ஸ்கார்பரோ வீட்டில் புழங்க வேண்டும். புதன்கிழமை இரவு அம்மா பிட்டுக்கு மாக் குழைக்கும்போது, பேணியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, “நீ கொத்து, நான் தேங்காய்ப்பூப் போடுறன்” என்று சொல்லலாம்.