கறுப்பு வெள்ளையிலும் பேசட்டும் வரைபடம்

மேட்டூர் அணையின் மூன்று ஆண்டு நீர்மட்டத்தை ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஜூன் முதல் மே வரை மாதங்கள். இடப்பக்கம் 120 அடி வரை அளவு. இந்த ஆண்டுக்குச் சிவப்புக் கோடு, போன ஆண்டுக்குப் பச்சை, அதற்கு முந்தைய ஆண்டுக்கு நீலம். கணினித் திரையில் மூன்றும் பளிச்சென்று தெரியும். அதையே கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால், எது இந்த ஆண்டு, எது போன ஆண்டு என்றே சொல்ல முடியாது.

காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். திரையில் தெரியும் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு. அதைச் சாம்பலாக மாற்றப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது:

0.299 × சிவப்பு + 0.587 × பச்சை + 0.114 × நீலம்

முழுச் சிவப்புக்கு (255, 0, 0) விடை 76. வழக்கமான கரும்பச்சைக்கு (0, 128, 0) விடை 75. கண்ணுக்கு எதிரெதிராகத் தெரியும் இரண்டு நிறங்களும் சாம்பலில் ஒன்றாகிவிடுகின்றன.

சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவருக்கு இந்தச் சிக்கல் வண்ணத் தாளிலேயே தொடங்கிவிடும். விழித்திரையில் நிறம் பிரித்தறியும் மூவகைக் கூம்பு செல்களில் ஒருவகை இல்லாததாலோ, சரியாக வேலை செய்யாததாலோ, இந்த இரு நிறங்களும் ஒரே பழுப்பு மஞ்சள் சாயலில் தெரியும். சிலருக்குச் சிவப்பு மிக இருண்டு, கறுப்போடு கலந்துவிடும். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடமே இது அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு.

இவர்களை மனத்தில் வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் மசடகா ஒகாபேயும் கெய் இட்டோவும் எட்டு நிறங்களைத் தொகுத்தார்கள். அறிவியல் இதழ்களில் அது இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதிலுள்ள ஆரஞ்சையும் (#E69F00) வான நீலத்தையும் (#56B4E9) நிறக்குருடு உள்ளவர் எளிதில் பிரித்தறிவார். சாம்பலாக்கினால் ஆரஞ்சு 162, வான நீலம் 158. அச்சில் இரண்டும் ஒன்றுதான். அதே ஆரஞ்சோடு அடர் நீலத்தை (#0072B2) சேர்த்தால் 162-க்கு 87. இந்த ஜோடி இரண்டு சோதனையிலும் தேறும். ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட, அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இனி மேட்டூர் வரைபடத்தைத் திருத்துவோம். நிறத்தை மறந்துவிட்டு மூன்று கோடுகளையும் முதலில் கறுப்பிலேயே போட வேண்டும். இந்த ஆண்டுக்குத் தடித்த முழுக்கோடு. போன ஆண்டுக்கு விட்டுவிட்டு வரும் கீற்றுக்கோடு. அதற்கு முந்தைய ஆண்டுக்குப் புள்ளிக்கோடு. எக்செலில் கோட்டின் மேல் வலது கிளிக் செய்து Format Data Series திறந்தால், Dash type என்ற இடத்தில் இதை மாற்றலாம். பிறகு முழுக்கோட்டுக்கு அடர் நீலம், கீற்றுக்கோட்டுக்கு ஆரஞ்சு கொடுத்து, புள்ளிக்கோட்டைக் கறுப்பாகவே விட்டுவிடலாம். மூலையில் நிறக்குறிப்புப் பெட்டி வைக்காமல், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதன் ஆண்டை எழுதிவிட்டால், வாசகர் நிறத்தை ஒப்பிட்டுத் தேட வேண்டிய வேலையே இல்லை.

கோட்டு வகைக்கும் எல்லை உண்டு. நான்கு வகைக்கு மேல் போனால் கண் குழம்பும்; அப்போது வரைபடத்தையே இரண்டாகப் பிரிப்பது நல்லது. நாள்தோறும் ஏறி இறங்கும் அளவுகளுக்குக் கீற்றுக்கோடு போட்டால், கூர்முனைகள் இடைவெளியில் விழுந்து காணாமல் போகும். அங்கே முழுக்கோடே போட்டு, மாதத்துக்கு ஓரிடத்தில் வட்டம், சதுரம் என அடையாளம் வைக்கலாம்.

அச்சுக்கே உரிய ஒரு கோளாறும் இருக்கிறது. கறுப்பு மை மட்டும் உள்ள இயந்திரத்தில் சாம்பல் என்று தனி மை கிடையாது. நுண்ணிய கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்தே அது சாம்பலைக் காட்டுகிறது. அதனால் மெல்லிய வெளிர்நிறக் கோடு அச்சில் உடைந்து, புள்ளிக்கோடு போலவே தெரியும். மஞ்சள் கோடு பெரும்பாலும் மறைந்தே போகும். வெளிர் நிறம் வேண்டுமென்றால் கோட்டைத் தடிப்பாக்குங்கள். மெல்லிய கோடு வேண்டுமென்றால் கறுப்பாகவே விடுங்கள்.

நிறக்குருடு உள்ளவருக்குப் படம் எப்படித் தெரியும் என்பதைத் திரையிலேயே காட்டும் Color Oracle என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அச்சுக்கு ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸே போதும். பாடநூலுக்கோ அறிக்கைக்கோ வரைபடம் போடுபவர்கள், அனுப்புவதற்கு முன் அந்த ஒரு பிரதியை எடுத்து, அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து, "இதில் போன ஆண்டுக் கோடு எது?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வரைபடத்தை மாற்றுங்கள்.