ஒரே 60 மில்லி, ஏன் மூணு தடவையா?

தேயிலையிலிருந்து காஃபீன் எடுக்கும் பரிசோதனை பல கல்லூரி லேப்களில் உண்டு. தேநீர் டிகாஷனை ஆறவைத்து, பிரிபுனலில் ஊற்றி, டைகுளோரோமீத்தேன் சேர்த்துக் குலுக்கி, அடியில் இறங்கும் கரைப்பானை மட்டும் திறந்து எடுப்பார்கள். செய்முறையில் "20 மில்லி வீதம் மூன்று முறை" என்று இருக்கும். ஏன் மூன்று முறை என்று கேட்டால் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் வரும் பதில்: "தொடுபரப்பு அதிகமாவதால்." இது தப்பு. தொடுபரப்பு, காஃபீன் எவ்வளவு சீக்கிரம் கடக்கும் என்பதைத்தான் மாற்றும். நல்லா குலுக்கிட்டா ரெண்டு வழியிலயும் சமநிலை வந்துடும். அதுக்கு மேல எவ்வளவு குலுக்கினாலும் ஒரு மில்லிகிராம்கூட கூடுதலா வராது.

அந்தச் சமநிலை எங்கே நிற்கும் என்பதைச் சொல்வதுதான் பங்கீட்டுக் குணகம், K. கரைப்பானில் உள்ள செறிவை நீரில் உள்ள செறிவால் வகுத்தால் கிடைக்கும் எண். அறை வெப்பத்தில் காஃபீன் 100 மில்லி நீரில் 2 கிராமுக்குச் சற்று மேலே கரையும், டைகுளோரோமீத்தேனில் சுமார் 14 கிராம். அதனால் K தோராயமாக 6 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போ கணக்கு. 100 மில்லி டிகாஷனில் 300 மி.கி. காஃபீன் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நீரில் மிஞ்சும் பங்கு இதுதான்:

```
q = V / (V + K·v)
```

V நீரின் அளவு, v ஒரு தடவை ஊற்றும் கரைப்பானின் அளவு. 60 மில்லியையும் ஒரே தடவையில் ஊற்றினால் q = 100/460. நீரில் 65 மி.கி. தங்கிவிடும், 235 மி.கி. கிடைக்கும். இருபது இருபதாக ஊற்றினால் q = 100/220, அதாவது சுமார் 0.45. நீரில் இருப்பது 300-லிருந்து 136, பிறகு 62, பிறகு 28 மி.கி. என்று இறங்கும். கைக்கு வருவது 272. அதே கரைப்பான், 37 மி.கி. கூடுதல்.

இது எங்கிருந்து வந்தது? கரைப்பானின் செறிவைப் பாருங்கள். முதல் 20 மில்லி, மில்லிக்கு 8.2 மி.கி. சுமந்துகொண்டு வெளியே போய்விட்டது. அப்போது நீரில் சரக்கு நிறைய இருந்ததால் அதால் அவ்வளவு சுமக்க முடிந்தது. மொத்தமாக ஊற்றிய 60 மில்லியோ, ஏற்கெனவே வெளுத்துப்போன நீரோடு சமநிலைக்கு வர வேண்டியிருந்ததால், மில்லிக்கு 3.9-லேயே நின்றுவிட்டது. ஒரு வாளி தண்ணீரைப் பிரிச்சு மூணு தடவை துணி அலசினா சோப்பு நல்லா போறதும் இதே கணக்குதான்.

அப்போ முப்பது தடவை பிரிக்கலாமே? பத்து பத்தாக ஆறு முறை செய்தால் நீரில் 18 மி.கி. மிஞ்சும். அறுபது மில்லியை எவ்வளவு பொடியாகப் பிரித்தாலும் 8 மி.கி.க்குக் கீழே இறங்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் புனல் சுவரிலும் குழாயிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மூன்றோடு நிறுத்துவது அதனால்தான். K நூறாக இருந்தால் பிரிக்கவே தேவையில்லை: ஒரே தடவையில் 98 சதவீதம் வந்துவிடும். K 0.1-ஆக இருந்தாலும் பிரித்துப் பயனில்லை, எப்படிச் செய்தாலும் 94 சதவீதம் நீரிலேயே கிடக்கும். பிரிப்பதன் லாபம் நடுவில் உள்ள K-க்குத்தான்.

தேநீரில் இன்னொரு தொல்லை, பால்மம். பலமாகக் குலுக்கினால் நடுவில் ஒரு கலங்கல் அடுக்கு வந்து பிரியவே பிரியாது. புனலைச் சாய்த்து மெல்ல உருட்டினால் போதும், இடையிடையே குழாயைத் திறந்து ஆவியை விட வேண்டும். டானின்கள் கரைப்பானுக்குள் வராமல் இருக்க டிகாஷனிலேயே சோடியம் கார்பனேட் போடுவது வழக்கம்.

ரிப்போர்ட்டுக்கு ஒரு யோசனை. மூன்று பகுதிகளையும் ஒன்றாகக் கொட்டாமல் தனித்தனியாக நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, புகைப்போக்கி அறையில் ஆவியாக்கி, தனித்தனியாக எடை போடுங்கள். 164, 74, 34 என்று, ஒவ்வொன்றும் முந்தியதின் 0.45 மடங்காக இறங்க வேண்டும். அந்த மடங்கே q. அதிலிருந்து உங்க K-யை நீங்களே கண்டுபிடிக்கலாம்:

```
K = (V/v)·(1/q − 1)
```

மூன்றாவது எடை 34-க்குப் பதில் 60 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது காஃபீன் இல்லை. பால்மத்தோடு இறங்கிய டிகாஷனோ, சரியாக உலராத ஈரமோ, முழுசாகப் போகாத கரைப்பானோதான். மொத்தமாக எடை போட்டிருந்தால் அது "நல்ல விளைச்சல்" என்று ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்.