பள்ளியை மூடினால் காய்ச்சல் ஊரைவிட்டுப் போகுமா?

கடந்த 2025 அக்டோபர் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 6,000 மாணவர்களுக்கு இன்ஃபுளுவென்சா கண்டிருப்பதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. சில பள்ளிகள் மூடப்பட்டன. செராஸ் வட்டாரத்தில் அந்த வாரம் பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: "எல்லாப் பள்ளிகளையும் ஒரு வாரம் மூடிவிட்டால் இது நின்றுவிடாதா?"

பள்ளியை மூடினால் மாணவர்களுக்குத் தொற்றுவது குறையும் என்பது எளிதில் புரிகிறது. ஆனால் வீட்டிலிருக்கும் பாட்டிக்கும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் அதனால் பாதுகாப்பு கிடைக்குமா? அறிவியலாளர்கள் கணித மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்து வருவது இந்தக் கேள்வியைத்தான்.

முதலில் ஓர் எண்ணைத் தெரிந்துகொள்வோம். நோய் கண்ட ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு அதைப் பரப்புகிறாரோ, அதுவே பரவல் எண். தட்டம்மைக்கு இது 12க்கும் மேல். சாதாரணப் பருவகால இன்ஃபுளுவென்சாவுக்கோ 1.3 அளவுதான். எண் 1க்குக் கீழே இறங்கினால் அலை தானாகவே அடங்கிவிடும். தட்டம்மையில் 20 விழுக்காட்டைக் குறைத்தாலும் பெரிய பயனில்லை. இன்ஃபுளுவென்சாவில் அதே 20 விழுக்காடு 1.3ஐ 1.04 ஆக்கிவிடும். பள்ளி மூடல் இன்ஃபுளுவென்சா விஷயத்தில் பேசத்தக்கதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த 20 விழுக்காடு வெறும் கற்பனை அல்ல. 2009ஆம் ஆண்டு எச்1என்1 பரவியபோது இந்தியாவில் பூனா நகரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இந்தியத் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், பள்ளி விடுமுறைக் காலங்களில் பரவல் எண் வட்டாரத்துக்கு வட்டாரம் 14 முதல் 27 விழுக்காடு வரை குறைந்திருந்ததாகக் கணித்தார்கள். நாம் நடுவில் உள்ள 20ஐ எடுத்துக்கொள்வோம்.

இனி ஒரு தாளை எடுத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நோய் தாவ ஏறத்தாழ 3 நாள்கள் ஆகின்றன என்று கொள்வோம். இன்று 100 பேருக்கு நோய். பள்ளிகள் திறந்திருந்தால் அடுத்தடுத்த சுற்றுகளில் புதிய நோயாளிகள் 130, 169, 220, 286, 371 என்று ஏறுவார்கள். இது 15 நாள் கணக்கு.

இப்போது வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளையும் ஒரு வாரம், அதாவது இரண்டு சுற்றுகள், மூடுகிறோம். எண்ணிக்கை 104, 108 என்று நகர்கிறது. பள்ளி திறந்ததும் பரவல் எண் மீண்டும் 1.3 ஆகிவிடும். ஏனென்றால் நோய் எதிர்ப்பு இல்லாத பிள்ளைகள் இன்னும் ஏராளமாக இருக்கிறார்கள். ஆகவே அடுத்த மூன்று சுற்றுகள் 141, 183, 238. பதினைந்தாம் நாள் 371க்குப் பதிலாக 238. அலை நிற்கவில்லை, ஏறக்குறைய 5 நாள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நோயாளிகள் கூடக் கூட எதிர்ப்பு சக்தி பெற்றவர்களும் கூடுவார்கள் என்பதை இந்தச் சிறிய கணக்கு சேர்க்கவில்லை. ஆனாலும் அடிப்படைப் பாடம் மாறாது.

அப்படியானால் நீண்ட காலம் மூடினால்? இதற்கு நல்ல விடை பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்தது. அங்கே பள்ளி விடுமுறைகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு வாரங்களில் வரும். ஒரு வட்டாரத்தில் விடுமுறை, இன்னொன்றில் பள்ளி என்பதால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக அனுப்பிய காய்ச்சல் கணக்குகளைக் கொண்டு சைமன் கோஷமே குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இது. விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தொற்றுவது 20 முதல் 29 விழுக்காடு குறைந்தது. பெரியவர்கள் ஒருவரோடொருவர் பழகும் முறையில் மாற்றம் எதுவும் தென்படவில்லை.

இதே மாதிரியைக் கொண்டு, ஒரு பெருந்தொற்றின்போது பள்ளிகளை நீண்ட நாள் மூடினால் என்னவாகும் என்றும் கணித்தார்கள். மொத்த நோயாளிகள் 13 முதல் 17 விழுக்காடு மட்டுமே குறைவார்கள். ஆனால் அலையின் உச்சம் 39 முதல் 45 விழுக்காடு வரை தாழும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். நோயுறுவோரில் பெரும்பாலோர் எப்படியும் நோயுறுவார்கள். ஆனால் எல்லாரும் ஒரே வாரத்தில் மருத்துவமனை வாசலில் நிற்க மாட்டார்கள். மூச்சுத்திணறலோடு வரும் பாட்டிக்குக் கட்டில் கிடைக்குமா, நடைபாதையில் காத்திருக்க வேண்டுமா என்பதை முடிவு செய்வது அந்த உச்சம்தான்.

மூடும் நேரமும் முக்கியம். 2008 மார்ச்சில் ஹாங்காங்கில் பிள்ளைகள் சிலர் இறந்ததைத் தொடர்ந்து, தொடக்கப்பள்ளிகளையும் பாலர் பள்ளிகளையும் அரசு இரண்டு வாரம் மூடியது. அதன்பின் காய்ச்சல் குறைந்தது. மூடியதால்தான் குறைந்தது என்று சொல்லத் தோன்றும். பென் கௌலிங் குழுவினர் தரவுகளைப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது: மூடுவதற்கு முன்பே அலை இறங்கத் தொடங்கியிருந்தது. சமூகப் பரவலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் அவர்களால் காண முடியவில்லை. பள்ளிகளை மூடும் முடிவு பெரும்பாலும் செய்தி பெரிதாகும்போது வருகிறது; செய்தி பெரிதாகும்போது அலை உச்சத்தை நெருங்கியிருக்கும். எனவே "மூடினோம், குறைந்தது" என்று யாராவது சொன்னால், மூடுவதற்கு முந்தைய வாரம் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் ஒரு வட்டாரமே விடுமுறையில் இருக்கும் நிலைக்கு உரியவை. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் வேறு. ஒரு பள்ளியில் நோயாளிகள் கூடியதும் அந்தப் பள்ளி மட்டும் சில நாள் மூடப்படும். அண்ணனின் இடைநிலைப்பள்ளி மூடியிருக்கும். தங்கையின் தமிழ்ப்பள்ளி திறந்திருக்கும். அண்ணன் மாலையில் துணைப்பாட வகுப்புக்குப் போவான், அங்கே ஐந்து பள்ளி மாணவர்கள் ஒரே குளிரூட்டிய அறையில் இருப்பார்கள். அவனை யாரிடம் விட்டுச் செல்வது என்று தெரியாமல், வேலைக்குப் போகும் தாய் பாட்டி வீட்டில் விடுவார். அப்போது காப்பாற்ற நினைத்தவரின் மடியிலேயே கிருமியைக் கொண்டுபோய் வைத்தது போலாகிவிடும். தாதியாக வேலை செய்யும் தாய் விடுப்பு எடுத்தால், நோயாளிகள் கூடும் வாரத்திலேயே மருத்துவமனையில் ஆள் குறையும்.

அதற்காக ஒரு பள்ளியை மூடுவது வீண் என்று ஆகாது. பல ஆசிரியர்களும் மாணவர்களும் படுத்துவிட்டால் பாடம் நடத்தவே முடியாது. அந்தப் பள்ளிக்குள் சங்கிலி அறுபடவும் அது உதவும். ஜப்பானில் இதைவிடச் சிறிய அளவில், நோயாளிகள் கூடிய வகுப்பை மட்டும் சில நாள் மூடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஆனால் இவை அந்தப் பள்ளிக்கான நடவடிக்கைகள். ஊர் முழுவதன் அலையையும் இவை தணிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளி மூடப்பட்டதாகச் செய்தி வந்தால், அந்த ஒரு வாரத்தில் அவன் எத்தனை புதியவர்களோடு ஓர் அறையில் இருக்கப்போகிறான் என்று எண்ணிப் பாருங்கள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். துணைப்பாட வகுப்பு, பேரங்காடி, உறவினர் வீடு என்று அதே நாற்பது பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டால், மாதிரி சொன்ன 20 விழுக்காடு உங்கள் வீட்டில் நடக்காது. அப்போது மூடியது கட்டடம் மட்டும்தான்.