3,205 ரூபாய் எங்கே போனது?

அக்டோபர் 31 இரவு. செலவுக் கணக்கை எக்செல்லில் எழுதிவரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதத் தொடக்க இருப்பு 18,240. சம்பளம் 52,000. எழுதிய செலவு 47,356. ஆகவே கையிருப்பு 22,884 என்கிறது தாள். வங்கியோ 26,089 என்கிறது. வங்கியில் 3,205 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் நம்பக்கூடாத செய்தி.

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 3,205 என்ற தொகையைத் தாளில் தேடுவார்கள். கிடைக்காது. கடைசியில் 'இதர வரவு 3,205' என்று ஒரு வரியைப் போட்டு மூடிவிடுவார்கள். வித்தியாசம் என்பது பெரும்பாலும் ஒற்றைத் தவறு அல்ல. சில கூட்டல்களும் சில கழித்தல்களும் கலந்த மிச்சம் அது. அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு வரிவரியாகப் போவதே சுருக்கு வழி. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' நினைவுக்கு வரலாம். அதன் வீட்டுப் பதிப்புதான் இது.

தேவையானது அதிகமில்லை. வங்கியின் இணையதளத்திலிருந்து 1 முதல் 31 வரையிலான ஸ்டேட்மென்ட்டை இறக்கி, முடிந்தால் அச்செடுத்துக்கொள்ள வேண்டும். தாளில் ஐந்து பத்திகள் போதும்: A தேதி, B விவரம், C பற்று, D வரவு, E குறி. வங்கிக் கணக்கு வழியே போன பணம் மட்டுமே இதில் இருக்க வேண்டும். ஏடிஎம்மில் எடுத்த 5,000 இங்கே ஒரே வரி. அந்த ரொக்கத்தில் வாங்கிய காய்கறி வேறு தாளுக்குப் போகும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒரே செலவு இருமுறை ஏறிவிடும்.

இனி ஸ்டேட்மென்ட்டின் முதல் வரியில் தொடங்கி, அதே தொகையைத் தாளில் தேட வேண்டும். கிடைத்தால் அச்சில் பென்சிலால் ஒரு டிக், தாளின் E பத்தியில் Y. பெயரை நம்பித் தேடினால் குழப்பம்தான். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், யுபிஐ வரியில் உரிமையாளர் பெயர் இருக்கும். தொகையும் தேதியும்தான் துணை. அதிலும் சந்தேகம் என்றால் யுபிஐ செயலியில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ஒப்பிடலாம்.

அந்தக் குடும்பத்தின் ஸ்டேட்மென்ட்டில் டிக் விழாத வரிகள் இவை. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 236: அதாவது 200 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும். தானாகக் கழிந்த ஒரு சந்தா 149. இரண்டும் தாளில் இல்லை. பால் பணம் ஸ்டேட்மென்ட்டில் 1,560, தாளில் 1,650. இலக்கங்கள் இடம் மாறிய தவறு. இப்படி அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும், இங்கே 90. ஆனால் 3,205-ஐ 9-ஆல் வகுத்துப் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. மற்ற தவறுகள் விலகிய பிறகுதான் இந்தச் சோதனை பயன்படும்.

மளிகைக் கடையில்தான் சுவாரசியம். தாளில் 840 ஒருமுறை. ஸ்டேட்மென்ட்டில் 840 பற்று, மறுநாள் 840 வரவு, இன்னொரு 840 பற்று. முதல் முறை பணம் கழிந்தும் கடைக்குச் சேராததால், கடையிலேயே மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். நிகரக் கணக்கில் வித்தியாசம் இல்லை. இருந்தாலும் விடுபட்ட பற்றையும் வரவையும் தாளில் எழுதிக் குறி போட வேண்டும். திரும்பி வந்த அந்த வரவு வரி ஸ்டேட்மென்ட்டில் இல்லாதிருந்தால், அதுவே வங்கியிடம் கேட்க வேண்டிய 840 ரூபாய்.

மறுபக்கம் தாளில் குறி இல்லாமல் நிற்பது ஒரே வரி: 30-ஆம் தேதி குடியிருப்புச் சங்கத்துக்குக் கொடுத்த 3,500 ரூபாய்க் காசோலை. இன்னும் வங்கிக்கு வரவில்லை. இது தவறே அல்ல, அப்படியே விட வேண்டும். இப்போது ஐந்து பத்திகளுக்கும் வெளியே ஒரு காலி இடத்தில் இந்தச் சூத்திரம்:

```
=18240+SUMIFS(D:D,E:E,"Y")-SUMIFS(C:C,E:E,"Y")
```

குறி போட்ட வரிகளை மட்டும் இது கணக்கில் எடுக்கும். விடை 26,089 வந்தால் சரி. திருத்திய தாளின் உண்மை இருப்பு 22,589. காசோலைக்கான 3,500 சேர்ந்தால் வங்கியின் எண். ஆக, செலவழிக்கக் கூடுதலாக எதுவும் இல்லை.

மாதம் ஒருமுறை பார்ப்பதால் எல்லாம் பிடிபடாது. மளிகையை மருந்து என்று எழுதியிருந்தால் இந்த முறை கண்டுகொள்ளாது. திருட்டுப் பரிவர்த்தனைக்கும் இது தாமதம். வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ தவறில்லாத மோசடியை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவர் தலையில் விழாது என்கிறது 2017-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி. அதற்கு அன்றன்றைய எஸ்எம்எஸ்தான் காவல்.

நவம்பர் தாள் 26,089 என்ற தொடக்க இருப்போடு பிறக்கும். குறியில்லாத காசோலை வரியும் அதற்கு மாறும். காசோலையின் ஆயுள் தேதியிலிருந்து மூன்று மாதம். ஜனவரி தொடக்கத்திலும் அந்த வரி குறியில்லாமல் நின்றால், சங்கச் செயலாளரின் மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கச் சொல்லலாம்.