தோசைக்கல் பழகட்டும், பிறகு கேளுங்கள்

பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே ‘ரிவ்யூ போடுங்க’ என்று வாட்ஸ்அப் அனுப்பினால், ‘பேக்கிங் சூப்பர்’ என்றுதான் பதில் வரும். இரும்பு தோசைக்கல் விற்பவருக்கு அது எதற்கு? எண்ணெய் தடவிப் பழக்கி, நாலைந்து முறை தோசை வார்த்த பிறகுதான் கல்லின் குணம் தெரியும். ஆகவே பத்து நாள் பொறுக்கலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டாலோ, வாங்கியவருக்கு எழுதும் ஆர்வமே போய்விடும். அமேசானிலும் ரிவ்யூ கேட்கும் பொத்தான் டெலிவரியான 5 முதல் 30 நாளுக்குள்தான் வேலை செய்யும். முறுக்கு, இட்லிப் பொடி என்றால் இரண்டு மூன்று நாளே போதும்.

செய்தி இப்படி இருக்கலாம்: ‘வணக்கம் மேடம், பத்து நாள் முன்னாடி எங்ககிட்ட 12 இன்ச் தோசைக்கல் வாங்கினீங்க. தோசை இப்போ ஒட்டாம வருதா? நல்லதோ குறையோ, உள்ளதை இந்த லிங்க்ல ரெண்டு வரி எழுதுங்க. அடுத்து வாங்குறவங்களுக்கு உதவும்.’

இதில் இருப்பது ஒரே கேள்வி, ஒரே லிங்க். ‘எப்படி இருக்கு?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘குட்’ என்று முடித்துவிடுவார்கள். ‘குறையோ’ என்ற சொல்லைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ, அந்தச் சொல்தான் வாங்கியவரை மனம் திறந்து எழுத வைக்கிறது. கூப்பன் ஆசை காட்டுவதும், திருப்தியானவர்களுக்கு மட்டும் பார்த்துப் பார்த்து லிங்க் அனுப்புவதும் கூகுள் விதிகளுக்கு விரோதம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் போனால் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள்.