சொம்பு எந்தப் பக்கம்?

குளிக்க வெந்நீர் விளாவுகிறவர்கள் கணக்குப் போடுவதில்லை. கையை விட்டுப் பார்ப்பார்கள். சூடு போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வெந்நீர், அதிகமானால் இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். அதே விளாவல் இயற்பியல் புத்தகத்தில் கணக்காக வரும்போது மட்டும் பிள்ளைகள் திணறுகிறார்கள். சூத்திரம் கடினம் என்பதல்ல காரணம். எது வெப்பத்தைக் கொடுக்கிறது, எது வாங்குகிறது என்று பிரித்துப் பார்க்காமலேயே எண்களைச் சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள்.

வாளியில் 26 டிகிரி செல்சியஸில் 15 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் 80 டிகிரியில் 5 லிட்டர் வெந்நீர் ஊற்றுகிறோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 53 டிகிரி என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் குளித்தால் தோல் வெந்துபோகும். உண்மையில் வாளி 39.5 டிகிரிக்குத்தான் வரும். ஒவ்வொரு லிட்டர் வெந்நீரும் 40.5 டிகிரி இறங்குகிறது. ஒவ்வொரு லிட்டர் பச்சைத் தண்ணீரும் 13.5 டிகிரி ஏறுகிறது. 5 × 40.5 என்றாலும் 15 × 13.5 என்றாலும் விடை 202.5. கொடுத்ததும் வாங்கியதும் சமம். இந்த ஒரு வரியிலிருந்துதான் இவ்வகைக் கணக்குகள் எல்லாமே பிறக்கின்றன.

இதைத் திருப்பியும் போடலாம். வெந்நீர் 88 டிகிரி, குழாய்த் தண்ணீர் 24 டிகிரி, வேண்டியது 40 டிகிரி. வெந்நீர் 48 டிகிரி இறங்க வேண்டும், தண்ணீர் 16 டிகிரி ஏற வேண்டும். ஏறுவதைப் போல மூன்று மடங்கு இறங்குவதால், வெந்நீரைப் போல மூன்று மடங்கு தண்ணீர் வேண்டும். 20 லிட்டர் வாளிக்கு 5 லிட்டர் வெந்நீர் போதும்.

ஒரு கிராம் பொருளின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பமே அதன் தன் வெப்ப ஏற்புத்திறன். தண்ணீருக்கு அது சுமார் 4.2 ஜூல். மேலே போட்ட கணக்குகளில் இந்த எண் வரவே இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீரே இருந்ததால் 4.2-ஐ 4.2 அடித்துவிட்டது. வேறொரு பொருள் உள்ளே நுழையும்போதுதான் இந்த எண்ணுக்கு வேலை வருகிறது. அந்த வேறொரு பொருள் எப்போதும் நம் கையிலேயே இருக்கிறது: பாத்திரம்.

பொருளுக்குப் பொருள் இந்தத் திறன் மாறும் என்பதை 1760 வாக்கில் தெளிவாகக் கண்டு சொன்னவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜோசப் பிளாக். கனமான பொருள்தான் அதிக வெப்பத்தை வாங்கும் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனமானது. ஆனால் சம கன அளவு சூடான பாதரசத்தையும் தண்ணீரையும் கலந்தபோது, கலவையின் சூடு நடுவில் நிற்காமல் தண்ணீரின் பக்கமே சாய்ந்திருந்தது. சூடு வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்று பிளாக் இதிலிருந்து பிரித்துக் காட்டினார்.

இப்போது பாத்திரத்துக்கு வருவோம். 150 கிராம் எடையுள்ள எவர்சில்வர் சொம்பு ஒன்று. எவர்சில்வரின் ஏற்புத்திறன் கிராமுக்கு ஏறக்குறைய 0.5 ஜூல். ஆகவே சொம்பை ஒரு டிகிரி சூடாக்க 75 ஜூல் வேண்டும். அதே 75 ஜூல் சுமார் 18 கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். எனவே கணக்கில் அந்தச் சொம்பை 18 கிராம் தண்ணீராகவே வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் இதற்கு நீர்ச் சமானம் என்று பெயர்.

சொம்பில் 28 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் இருக்கிறது; சொம்பும் அதே 28 டிகிரி. அதில் 68 டிகிரியில் 100 கிராம் வெந்நீரை ஊற்றுகிறோம். சொம்பை மறந்தால் விடை 48 டிகிரி. சொம்பையும் சேர்த்தால் குளிர்ந்த பக்கம் 118 கிராம் ஆகிறது:

(100 × 68 + 118 × 28) ÷ 218 = 46.3

இப்போது வரிசையை மாற்றுவோம். முதலில் வெந்நீர் சொம்பில் இருக்கிறது. சொம்பும் 68 டிகிரிக்குச் சூடாகிவிட்டது. அதில் 28 டிகிரித் தண்ணீரை ஊற்றுகிறோம். இம்முறை அந்த 18 கிராம் சூடான பக்கம் போய்ச் சேர்கிறது:

(118 × 68 + 100 × 28) ÷ 218 = 49.7

அதே தண்ணீர், அதே வெந்நீர், அதே சொம்பு. எதில் எதை ஊற்றினோம் என்பது மட்டும் மாறியது. விடையில் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம். தேர்வில் பாத்திரத்தின் எடையையும் ஏற்புத்திறனையும் கொடுத்திருந்தும் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாத்திரம் வெப்பத்தை வாங்குகிறதா கொடுக்கிறதா என்பது அது தொடக்கத்தில் எந்தச் சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்தது. கணக்கின் முதல் வாக்கியத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும். அவசரத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

இவ்வளவு சரியாகப் போட்டாலும், நிஜமாகவே வெப்பமானியை விட்டுப் பார்த்தால் முதல் சோதனையில் 46.3-க்குப் பதில் 45.5 போல ஏதோ ஒன்று காட்டலாம். மீதி வெப்பம் காற்றுக்குப் போயிருக்கிறது, அதுவும் முக்கியமாக ஆவியாக. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போனால் கிட்டத்தட்ட 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். நம் சொம்பில் உள்ள 200 கிராம் தண்ணீரையும் சொம்பையும் 2.6 டிகிரி இறக்க அது போதும். மூன்றில் ஒரு பங்கு கிராம் ஆவியானாலே ஏறக்குறைய 0.9 டிகிரி போய்விடும். வெந்நீரை உயரத்திலிருந்து ஆற்றுவது போல ஊற்றினால் இழப்பு இன்னும் கூடும். அருகில் வைத்து ஒரே தடவையில் ஊற்றிவிட்டு மூட வேண்டும்.

குறைவுக்குக் காரணம் பாத்திரமா காற்றா என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. உலோகம் மெல்லியதாக இருந்தால், நன்றாகக் கலக்கும்போது சீக்கிரமே தன் பங்கை வாங்கி முடித்துவிடும். அதன் பிறகு அதனால் சூடு இறங்காது. காற்றுக்குப் போகும் இழப்பு நிற்காது. நிமிடத்துக்கு நிமிடம் வெப்பமானி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே ஒரு அளவீட்டோடு விடாமல், சில நிமிடங்கள் தொடர்ந்து குறித்து வரைபடம் போட்டு, அந்தக் கோட்டைக் கலந்த நேரத்துக்குப் பின்னோக்கி நீட்டினால் இழப்பில்லாத விடை ஓரளவு கிடைக்கும். பள்ளி ஆய்வகக் கலோரிமானியைச் சுற்றிப் பஞ்சோ கம்பளியோ திணித்து மரப்பெட்டிக்குள் வைப்பதும் இந்த இறக்கத்தைக் குறைக்கத்தான்.

தண்ணீரில் ஐஸ்கட்டி கிடந்தால் இந்தச் சமன்பாடு அப்படியே செல்லாது. ஐஸ் உருகவே கிராமுக்கு 334 ஜூல் எடுக்கும், அந்த நேரத்தில் அதன் சூடு ஏறாது. அதற்குத் தனி வரி எழுத வேண்டும்.

கணக்குப் போடும் மாணவர்கள் ஒன்று செய்யுங்கள். சமன்பாடு எழுதும் முன் வெந்நீர், தண்ணீர், பாத்திரம் மூன்றின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் தொடக்கச் சூட்டைக் குறியுங்கள். வந்த விடை அவற்றில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையில் இல்லையென்றால், பேனாவைக் கீழே வைக்காமல் மறுபடி போட்டுப் பாருங்கள்.