இரண்டாம் மாதம் கையில் பணம் இருக்கும்

கரூரில் மேசை விரிப்பு, ஏப்ரன், சமையலறைத் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நாம் கற்பனை செய்துகொண்ட நிறுவனம். ஆனால் அந்த ஊரில் இதே அளவில் இயங்கும் பலரின் நிலைமை ஏறக்குறைய இதுதான். மாதம் 1 கோடி ரூபாய்க்குச் சரக்கு போகிறது. அதில் 60 லட்சம் ஜெர்மனிக்கு, மீதி 40 லட்சம் வேறு நாடுகளுக்கு. ஜெர்மனியின் பொருளாதாரம் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து சுருங்கியது. மறுபடியும் அங்கே மந்தம் என்று செய்தி வந்தால் இந்த முதலாளி என்ன செய்ய வேண்டும்?

வழக்கமாக நடப்பது இதுதான். ஆடிட்டர் ஒரு தாளில் விற்பனையை 10 சதவீதம் கூட்டி ஒரு கணக்கும், உள்ளபடியே ஒன்றும், 10 சதவீதம் குறைத்து ஒன்றும் போட்டுத் தருவார். முதலாளி நடுவில் இருப்பதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தாளை மடித்து வைப்பார். மூன்று கணக்குப் போட்டாலும் அவர் மனதில் நின்றது ஒன்றுதான். 1970-களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரின் குழு இந்த முறையை வளர்த்தெடுத்தபோது, இவை ஆரூடங்கள் அல்ல என்பதைத்தான் முதலில் வலியுறுத்தியது. ஒவ்வொரு நிலைமையிலும் வேறு வேறு முடிவு எடுக்க வேண்டியிருந்தால்தான் அதைத் தனி நிலைமையாக எழுதுவதில் பொருள் உண்டு. பத்து சதவீதம் மேலே கீழே என்பதில் எந்த முடிவும் மாறாது.

ஆகவே நல்லது, நடுத்தரம், கெட்டது என்று பெயர் வைக்காமல், நடக்கக்கூடிய மூன்று சம்பவங்களாக எழுதுவோம். ஒன்று, ஆர்டர் இப்போதுபோலவே வருகிறது. இதை வழக்கம் என்போம். இரண்டு, ஜெர்மன் ஆர்டர் கால் பங்கு குறைகிறது, பையர் விலையிலும் 5 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். இது மெலிவு. மூன்று, தைத்து முடித்த சரக்கையே அனுப்ப வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று மின்னஞ்சல் வருகிறது. அதன்பின் ஆர்டர் பாதியாகிறது, 60 நாளில் வந்த பணம் 90 நாள் ஆகிறது. இது முடக்கம்.

அங்கே கடையில் விற்பனை கொஞ்சம்தானே குறையும், இங்கே ஏன் கால் பங்கு குறைய வேண்டும் என்று கேட்கலாம். ஒரு கடை மாதம் 100 மேசை விரிப்பு விற்கிறது, எப்போதும் மூன்று மாத விற்பனைக்கான 300 விரிப்புகளை இருப்பில் வைத்திருக்கிறது. விற்பனை 90 ஆகக் குறைந்தால் தேவையான இருப்பும் 270 ஆகிவிடும். மிச்சமான 30-ஐ முதலில் தீர்க்கப் பார்ப்பார்கள். ஆக அந்தக் காலாண்டில் 300-க்குப் பதில் 240-தான் கேட்பார்கள். கடையில் 10 சதவீதச் சரிவு, நம்மிடம் 20 சதவீதமாக வந்து சேர்கிறது. நடுவில் ஒரு மொத்த வியாபாரியும் இருந்தால் இன்னும் பெரிதாகும். 2009-இல் உலக உற்பத்தி இரண்டு சதவீத அளவில் சுருங்கியபோது உலக வர்த்தகத்தின் அளவு சுமார் 12 சதவீதம் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது: இருப்பு தீர்ந்ததும் கடையின் விற்பனை ஏறாமலேயே ஆர்டர் 90-க்குத் திரும்பிவிடும். மெலிவு வந்தவுடனே நல்ல தையல்காரர்களை வீட்டுக்கு அனுப்பியவர்கள் அப்போது கையைப் பிசைவார்கள்.

இனி நிறுவனத்தின் கணக்கு. 100 ரூபாய்ச் சரக்கில் நூல், நெசவுக் கூலி, சாயம், தையல் பீஸ் ரேட், பேக்கிங், சரக்குக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 78 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு குறைந்தால் இந்தச் செலவும் குறையும். வாடகை, மாதச் சம்பளம், மின்சாரத்தின் நிலைக்கட்டணம், இயந்திரக் கடனின் தவணை ஆகியவை மாதம் 17 லட்சம். இது சரக்கு போனாலும் போகாவிட்டாலும் உண்டு. வழக்கமான மாதத்தில் 1 கோடியில் 22 லட்சம் மிஞ்சும், 17 போக 5 லட்சம் கையில் நிற்கும்.

மெலிவில் ஜெர்மனி 60-லிருந்து 45 லட்சமாகிறது. மிஞ்சுவது 18.7 லட்சம், 17 போக 1.7 லட்சம் இன்னும் லாபம்தான். ஆனால் அந்த 45 லட்சத்தில் 5 சதவீத விலைக்குறைப்பு என்றால் 2.25 லட்சம் நேராகப் போய்விடுகிறது, மாதம் அரை லட்சத்துக்குச் சற்று மேல் நஷ்டம். விலை இறங்கியதற்காக நூலோ சாயமோ இறங்குவதில்லை, அதனால் தள்ளுபடியின் ஒவ்வொரு ரூபாயும் முதலாளியின் பையிலிருந்தே போகிறது. மெலிவில் எடுக்க வேண்டிய முடிவு விலையைப் பற்றியது. எந்த வகைத் துணிக்கு எவ்வளவு வரை இறங்கலாம், அதற்குப் பதிலாக என்ன கேட்கலாம், அட்வான்ஸா, குறைந்த தவணையா, பெரிய லாட்டா என்பதைப் பையர் ஃபோன் செய்வதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ஃபோனில் கேட்ட நிமிடத்தில் யோசிப்பவர் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

முடக்கம் வேறு விதம். ஆர்டர் பாதியானால் மாத நஷ்டம் 1.6 லட்சம்தான். ஆடிட்டரின் தாளில் இது பெரிய ஆபத்தாகத் தெரியாது. பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று மாதவாரியாக எழுதினால்தான் உண்மை தெரியும். ஒரு மாதத்துச் சரக்குக்கான செலவை முந்திய மாதமே கொடுத்துவிடுகிறோம், அனுப்பியபின் 60 நாளில் பணம் வருகிறது என்று கொள்வோம். கையிருப்பு 20 லட்சம், வங்கியில் எடுக்காத லிமிட் 40 லட்சம்.

நிறுத்தி வைக்கச் சொன்ன முதல் மாதம் முன்பு அனுப்பியதற்கான 1 கோடி வருகிறது, 95 லட்சம் போகிறது. இரண்டாம் மாதமும் 1 கோடி வருகிறது. ஆனால் ஆர்டர் பாதியாகிவிட்டதால் நூலும் கூலியும் குறைந்து மொத்தச் செலவு 72 லட்சத்துக்குள் அடங்குகிறது. கையிருப்பு 20-லிருந்து 53 லட்சமாக ஏறி நிற்கும். ஆர்டர் இல்லை, ஆனால் பேங்க் பேலன்ஸ் அந்த ஆண்டிலேயே நன்றாக இருக்கிறது! பழைய பாக்கியைத் தீர்ப்பதும், விலை குறைவாக இருக்கிறதே என்று நூலை வாங்கிப் போடுவதும், புதுத் தையல் இயந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதும் இந்த மாதத்தில்தான் நடக்கும்.

மூன்றாம் மாதம் வருவது 40 லட்சம் மட்டுமே. நான்கிலும் ஐந்திலும் அப்படியே, ஏனென்றால் முதல் இரண்டு மாத ஜெர்மன் சரக்கு கோடவுனில் கிடக்கிறது, மூன்றாம் மாதம் அனுப்பியதற்கு 90 நாள் தவணை. மாதம் ஏறக்குறைய 32 லட்சம் பள்ளம். ஐந்தாம் மாத முடிவில் கையிருப்பும் தீர்ந்து, 40 லட்ச லிமிட்டும் தீர்ந்து, மேலும் ஒன்றரை லட்சம் வேண்டும். ஒன்பது மாத நஷ்டம் எல்லாம் சேர்ந்தாலும் 15 லட்சத்தைத் தொடாத ஒரு நிறுவனம் ஐந்தாம் மாதத்தில் சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்கிறது. கோடவுனில் அடைபட்டிருக்கும் துணிக்குப் போட்ட காசு 94 லட்சம். அது பையரின் லேபிளும் அளவும் போட்ட சரக்கு, உள்ளூரில் பாதி விலை கிடைத்தாலே அதிகம்.

அந்த 40 லட்ச லிமிட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி பேக்கிங் கிரெடிட்டாக இருந்தால், கையில் ஆர்டர் இருந்தால்தான் எடுக்க முடியும். ஆர்டர் குறையும்போது லிமிட்டும் கண்ணெதிரே சுருங்கும். நிறுத்தி வைத்த சரக்கின் மேல் வாங்கிய கடனை ஏற்றுமதிப் பணத்தில் அடைக்க முடியாமல் போனால் சலுகை வட்டியும் போகும். சிலர் இசிஜிசி பாலிசி இருக்கிறதே என்பார்கள். பையர் திவாலானாலோ பணம் தராமல் இழுத்தாலோ அது கை கொடுக்கும்தான். ஆனால் வழக்கமான ஷிப்மென்ட் பாலிசியில் காப்பு தொடங்குவது சரக்கு அனுப்பிய நாளிலிருந்து. கோடவுனில் கிடக்கும் துணி அதற்குள் வராது.

எனவே முடக்கத்துக்கான முடிவு நேரத்தைப் பற்றியது: எந்தக் கட்டத்தில் நிறுத்துவது? இரண்டாம் மாதச் சரக்கைச் சாயம் போடுமுன் காடாத் துணியாகவே நிறுத்தினால், அதற்கான 47 லட்சச் செலவில் ஏறக்குறைய பாதி மிச்சமாகலாம். அந்தத் துணியை வேறு பையருக்கு வேறு நிறத்தில் திருப்பவும் முடியும். அப்போது ஐந்தாம் மாதப் பள்ளம் லிமிட்டுக்குள் அடங்கிவிடும். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்யும் கட்டம் போட்ட துணிக்கு இந்த வழி இல்லை. அங்கே தறிக்குப் போகுமுன்னரே நிறுத்த வேண்டும், ஆகவே அறிகுறியையும் முன்பே பிடிக்க வேண்டும்.

அறிகுறி எங்கே தெரியும்? மியூனிக்கின் இஃபோ நிறுவனம் மாதாமாதம் வெளியிடும் தொழில் சூழல் குறியீடும், ஜெர்மன் நுகர்வோர் மனநிலையைச் சொல்லும் ஜிஎஃப்கே குறியீடும் யாரும் பார்க்கக் கூடியவை. அவை காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டுமே சொல்லும். உங்கள் பையரின் அலமாரியில் என்ன மிச்சம் என்பதை மெர்ச்சண்டைசரின் இன்பாக்ஸ்தான் சொல்லும். சாம்பிள் ஒப்புதல் தள்ளிப்போகிறது, ரிப்பீட் ஆர்டரின் அளவு குறைகிறது, ஒரே ஷிப்மென்ட்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள், இன்ஸ்பெக்‌ஷன் தேதி கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், பணம் ஒரு வாரம் பிந்துகிறது. இவற்றில் இரண்டு ஒரே மாதத்தில் வந்தால் அந்தப் பையருக்கான சாயத்தை நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். சாயப்பட்டறைக்கு அந்த ஃபோனை யார் செய்வது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலாளி வெளியூர் போன வாரத்தில் பத்தாயிரம் மீட்டர் நீலமாகிவிடும்.

யூரோவை முன்கூட்டி விற்று வைக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தத்திலும் மூன்று நிலைமைகளும் ஒரு எல்லையைக் காட்டுகின்றன. வழக்கமான 60 லட்சத்துக்கும் ஒப்பந்தம் போட்டுவிட்டு 30 லட்சம்தான் வந்தது என்றால், மீதியை அன்றைய விலையில் ரத்து செய்ய வேண்டும். யூரோ ஏறியிருந்தால் வராத ஏற்றுமதிக்காக நஷ்டம் கட்டுவோம். முடக்கத்திலும் வரும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தொகைக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு, மற்றதை ஆர்டர் கையில் வரவரச் சேர்ப்பது பாதுகாப்பு.

இந்தக் கணக்கு முழுவதிலும் ஒரு ஓட்டை உண்டு. மற்ற நாடுகளின் 40 லட்சம் அசையாமல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். அது ஜப்பானுக்கோ வளைகுடாவுக்கோ போவதென்றால் ஓரளவு சரி. ஹாலந்துக்கும் டென்மார்க்குக்கும் போவதென்றால் அது ஜெர்மனியின் காற்றிலேயே அசையும் கிளை. 2023, 2024 கணக்குப் புத்தகங்களை எடுத்து, ஜெர்மன் பையர்கள் குறைத்த மாதங்களில் அந்த நாட்டுப் பையர்களும் குறைத்தார்களா என்று பார்க்க ஒரு பிற்பகல் போதும். குறைத்திருந்தால் ஜெர்மனியின் பங்கு 60 லட்சம் என்று எழுதியதைத் திருத்தி, மாதவாரிப் பட்டியலை மறுபடி போட வேண்டியதுதான்.